65 நாள் மட்டுமே ஊரில் இருந்தவருக்கு 330,000 ரூபா வரி வந்த கதை

செப்டம்பர் இரண்டாவது கிழமை, 2025. ஹட்டனில் நல்ல மழை. சிவா (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஒரு பொலித்தீன் பையில் கடவுச்சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் சுற்றிக்கொண்டு என் மேல்மாடி அறைக்கு வந்தார். "அண்ணே, பேங்கில என் வட்டியில 18,000 ரூபா புடிச்சிருக்காங்க. நான் வெளிநாட்டுல இருந்த ஆள், எனக்கு வரியே இல்லன்னு சொல்றாங்க. அத திருப்பி எடுத்துத் தர முடியுமா?" வந்த காரணம் அவ்வளவுதான்.

அந்த 18,000 ரூபாவைத் தேடப் போய்த்தான் இந்தக் கணக்கு முழுதும் வெளியே வந்தது. மாலைதீவு, கத்தார், டுபாய் என்று போய்வருகிற நம் பக்கத்து ஆட்கள் பலர் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். அதனால் சிவாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றி, கணக்கை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

சிவா பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். வயது முப்பத்து நான்கு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆறு வருடமாக மாலைதீவில் ஒரு ரிசோர்ட்டில் சமையல் வேலை. சாப்பாடும் தங்குமிடமும் தீவிலேயே கிடைக்கும் என்பதால் சம்பளத்தில் பெரிய செலவில்லை. வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவார். சேர்த்த பணத்தில் 40 இலட்சத்தை ஹட்டனில் ஒரு வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். 2025 மார்ச் 9ஆம் திகதி ஒப்பந்தம் முடிந்து நிரந்தரமாகத் திரும்பிவிட்டார்.

கடவுச்சீட்டைப் புரட்டி, 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையான மதிப்பீட்டு ஆண்டுக்கு அவர் ஊரில் இருந்த நாட்களை எண்ணினோம். சித்திரைப் புத்தாண்டுக்கு ஏப்ரல் 10 வந்து மே 4 போயிருக்கிறார், அது 25 நாள். நத்தாருக்கு முன்னே டிசம்பர் 20 வந்து ஜனவரி 5 போயிருக்கிறார், அது 17. கடைசியாக மார்ச் 9 வந்து மாத முடிவு வரைக்கும் 23. கூட்டினால் 65.

"அப்ப 183க்குக் கிட்டவும் வரல்லியே அண்ணே" என்றார். அவர் மட்டுமல்ல, அவருடைய வங்கியில் இருந்தவரும், ரிசோர்ட்டில் கூட வேலை செய்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குமேல் இங்கே இருந்தால் வதிவுள்ளவர், இல்லாவிட்டால் வதிவற்றவர் என்றுதான் எல்லோரும் வாயால் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். அது பாதிதான் சரி.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தில் 69ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தனியாள் ஒருவர் வதிவுள்ளவர் ஆவதற்கு அங்கே சில வாசல்கள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றில் நுழைந்தாலும் போதும். அரசாங்கத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட உத்தியோகத்தருக்கும் இலங்கைக் கப்பலில் வேலை செய்பவருக்கும் உள்ள வாசல்கள் சிவாவுக்குச் சம்பந்தமில்லாதவை. மிச்சம் இரண்டு. ஒன்று, அவர் இலங்கையில் வதிகிறாரா என்பது. இதில் நாள் கணக்கே இல்லை. மற்றது நாள் கணக்கு. ஆனால் அந்த 183 நாளை ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற பெட்டிக்குள் மட்டும் எண்ணச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் ஆள் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தது, அந்த ஆண்டுக்குள் தொடங்குகிற அல்லது அந்த ஆண்டுக்குள் முடிகிற ஏதாவது ஒரு பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 183 நாளோ அதற்கு மேலோ வருகிற காலத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் வாசகம் போகிறது.

"தொடங்குகிற அல்லது முடிகிற" என்ற அந்த இரண்டு சொல்லும்தான் எல்லாமே. கலண்டரின்மேல் பன்னிரண்டு மாத நீளத்துக்கு ஒரு கடதாசித் துண்டை வெட்டி வைத்து, அதை இடதும் வலதுமாக இழுத்துப் பாருங்கள். அதன் ஒரு நுனி அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குள் இருந்தால் போதும், மறு நுனி முந்தின வருடத்திலோ அடுத்த வருடத்திலோ எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே வைத்தாலும் அதற்குள் 183 சேராவிட்டால் நாள் கணக்கில் நீங்கள் வதிவற்றவர். அந்த ஆண்டில் நீங்கள் இங்கே இருந்த நாளும் துண்டுக்குள் விழுகிற ஒரே ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டாலும் வதிவுள்ளவர்.

சிவாவுக்கு அந்தத் துண்டின் இடது நுனியை 2025 மார்ச் 9இல் வைத்தோம். அந்த நாள் 2024/25 ஆண்டுக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து அவர் எங்கேயும் போகவில்லை. மார்ச்சில் 23, ஏப்ரலோடு 53, மே முடிவில் 84, ஜூன் முடிவில் 114, ஜூலை முடிவில் 145, ஆகஸ்ட் முடிவில் 176. செப்டம்பர் 7ஆம் திகதி 183 ஆகிவிட்டது. அவர் என் கதவைத் தட்டுவதற்குச் சில நாள் முன்னே!

துண்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, நுனியை டிசம்பர் 20இல் வைத்தால் இன்னும் சீக்கிரமாகவே ஆகிவிடுகிறது. நத்தார் லீவு 17 நாள் கையிருப்பாக இருக்கும், மார்ச் 9இலிருந்து 166 நாள் மட்டும் போதும், அது ஆகஸ்ட் 21. எப்படிப் பார்த்தாலும் அவர் 2024/25க்கு வதிவுள்ளவர். மார்ச் மாதக் கடைசி இருபத்து மூன்று நாள் முழு வருடத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, ஏனென்றால் நம் சட்டத்தில் வருடத்தைப் பாதியாக வெட்டி, திரும்பி வருவதற்கு முன்னால் ஒரு மாதிரி, வந்த பிறகு இன்னொரு மாதிரி என்று பார்க்கிற வழி இல்லை. வதிவுள்ளவர் என்றால் அந்த மதிப்பீட்டு ஆண்டு முழுதுக்குமே வதிவுள்ளவர்.

இங்கே ஒரு விஷயம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. வருடம் மார்ச் 31ஆம் திகதியே முடிந்துவிட்டது, ஆனால் அந்த வருடத்துக்கு அவர் யார் என்பது ஆகஸ்ட் மாதத்தில்தான் முடிவானது. ஜூன் மாதம் இன்னொரு தீவிலிருந்து அவருக்கு வேலை வந்திருக்கிறது. அம்மா விழுந்து இடுப்பில் அடிபட்டதால் போகவில்லை. ஜூன் 30ஆம் திகதி விமானம் ஏறியிருந்தால் டிசம்பர் 20இல் தொடங்கும் துண்டுக்குள் 17உம் 114உமாக 131 நாள்தான். அதன்பிறகு நத்தார்வரை ஊருக்கு வராமல் இருந்திருந்தால் நாள் கணக்கில் 2024/25க்கு வதிவற்றவராகவே இருந்திருப்பார். அம்மாவைப் பார்க்க ஊரில் நின்றதுதான், முடிந்துபோன வருடத்தின் வரியை மாற்றிவிட்டது. இதில் அவருடைய தவறு எதுவுமில்லை. ஆனால் தெரிந்திருந்தால் பணத்தை வேறு மாதிரி அனுப்பியிருப்பார், அதற்குப் பிறகு வருகிறேன்.

எண்ணும்போது வந்த நாளையும் போன நாளையும் சேர்ப்பதா விடுவதா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். மாலேயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான், அதிலும் இரவு விமானம் என்றால் அங்கே ஒரு திகதியும் இங்கே அடுத்த திகதியும் முத்திரையில் விழும். நான் செய்வது இதுதான்: இலங்கைக் குடிவரவு முத்திரையில் உள்ள திகதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்ப்பேன். சிவாவுக்கு வந்த, போன நாட்களை விட்டுவிட்டு எண்ணினால் நத்தார் லீவு 15 நாளாகக் குறைகிறது, மார்ச்சில் 10ஆம் திகதியிலிருந்து தொடங்குகிறது, அப்படியும் ஆகஸ்ட் 24இல் 183 வந்துவிடுகிறது. இரண்டு எண்ணிக்கையும் ஒரே பக்கம் விழுந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். ஒன்று 182, மற்றது 185 என்று வந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும். முத்திரை மங்கிப்போயிருந்தாலோ பழைய கடவுச்சீட்டு தொலைந்திருந்தாலோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பயணப் பதிவைக் கேட்டு எடுங்கள். ஞாபகத்தில் இருந்து திகதி எழுதாதீர்கள்.

சரி, வதிவுள்ளவர் ஆகிவிட்டார். அதனால் என்ன மாறுகிறது?

வதிவற்றவருக்கு இலங்கையில் ஊற்றுள்ள வருமானத்துக்கு மட்டும்தான் வரி. இலங்கை வங்கி தருகிற வட்டி, இலங்கையில் உள்ள வீட்டு வாடகை, இலங்கையில் இருந்து செய்த வேலையின் சம்பளம், இப்படியானவை. வதிவுள்ளவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அது கணக்குக்குள் வந்துவிடும். வேலை எங்கே செய்யப்பட்டதோ அங்கேதான் சம்பளத்தின் ஊற்று, அதனால் சிவாவின் மாலைதீவுச் சம்பளம் வெளிநாட்டு வருமானம்தான், அதில் சந்தேகமில்லை. வதிவற்றவராக இருந்தால் அதை நாம் தொடவே மாட்டோம். வதிவுள்ளவர் என்றதும் முதலில் உள்ளே எடுத்துவிட்டு, அப்புறம் ஏதாவது விலக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

விலக்கு இருந்தது. 2025 மார்ச் 31 வரைக்கும், வெளிநாட்டு ஊற்றிலிருந்து வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்து, வங்கி மூலமாக இலங்கைக்கு அனுப்பிய பணத்துக்கு வருமான வரி இல்லை. அந்த வசனத்தில் "வங்கி மூலமாக" என்பதை மெதுவாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் சிவாவுக்கு அடி விழுந்தது அந்த இடத்தில்.

அவருடைய சம்பளமும் சேவைக் கட்டணப் பங்கும் சேர்த்து அந்த வருடத்தில் 26,000 டொலர். கணக்குக்கு வசதியாக இங்கே டொலருக்கு 300 ரூபா என்று எடுக்கிறேன், அன்றைய விலையும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. அப்போது 78 இலட்சம் ரூபா. இதில் 16,000 டொலர், அதாவது 48 இலட்சம், மாதாமாதம் அங்கிருந்து வங்கி வழியாக ஹட்டன் கணக்குக்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வங்கிச் சீட்டு இருக்கிறது. மிச்சம் 10,000 டொலரில் 6,000த்தை டிசம்பரிலும் மார்ச்சிலும் கையில் நோட்டாகக் கொண்டுவந்து கொழும்பில் நாணயம் மாற்றும் கடையில் மாற்றியிருக்கிறார். "பேங்கை விட ரெண்டு ரூவா கூடக் குடுத்தாங்க அண்ணே." 4,000 மாலேயில் உள்ள கணக்கிலேயே கிடக்கிறது.

கையில் கொண்டுவந்த பணமும் நாட்டுக்குத்தான் வந்தது, டொலர்தான், உழைத்ததும் நேர்மையாகத்தான். ஆனால் அது வங்கி வழியாக வரவில்லை. மாலேயில் கிடக்கிற பணம் வரவே இல்லை. ஆக 30 இலட்சம் ரூபாவுக்கு விலக்கு கிடையாது. சிவாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. உண்டியலில் அனுப்புகிறவர்களுக்கும் இதே நிலைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன், பணம் வீட்டு வாசலுக்கே வந்தாலும் அதற்கு வங்கிச் சீட்டு இல்லை.

இப்போது இரண்டு சிவாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வதிவற்ற சிவாவுக்கு இலங்கை வருமானம் என்றால் நிலையான வைப்பு வட்டி மட்டும். 40 இலட்சத்துக்கு 9 வீதம், 360,000 ரூபா. வதிவற்றவராக இருந்தாலும் இலங்கைப் பிரஜை என்பதால் தனிப்பட்ட நிவாரணம் அவருக்கு உண்டு, 2024/25க்கு அது 12 இலட்சம். வட்டி அதற்குள் அடங்கிவிடுகிறது. வரி பூச்சியம். வங்கி 5 வீதம் பிடித்த 18,000த்தை மீளக் கேட்கலாம். அவர் நினைத்து வந்தது இந்தக் கணக்கை.

வதிவுள்ள சிவாவுக்கு வட்டி 360,000த்தோடு விலக்கில்லாத 30 இலட்சம் சேர்ந்து 3,360,000. நிவாரணம் 12 இலட்சம் போக 2,160,000 ரூபாவுக்கு வரி. அந்த வருடத்து விகிதம் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 வீதம் என்று ஏறி, அதற்கு மேல் 36. முதல் நான்கு படியில் 30,000, 60,000, 90,000, 120,000, கூட்டினால் 3 இலட்சம். மிச்சமுள்ள 160,000த்துக்கு 30 வீதம், 48,000. ஆக 348,000. வங்கி ஏற்கெனவே பிடித்த 18,000த்தைக் கழித்தால் கட்ட வேண்டியது 330,000 ரூபா.

18,000 வாங்க வந்தவர் 330,000 கட்ட வேண்டியவர் ஆனார். மாலைதீவில் வரி கட்டியிருந்தால் அதை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அங்கே மாதம் 60,000 ருஃபியாவுக்குக் கீழே வாங்குகிற சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. சிவாவின் சம்பளம் அதில் பாதியளவுதான். அங்கே கட்டவில்லை, ஆகவே இங்கே கழிக்கவும் ஒன்றுமில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்கிற கேள்விதான். "மூணு கிழமை பொறுத்து ஏப்ரல் 2 வந்திருந்தா தப்பியிருப்பேனா?" நானும் முதலில் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் துண்டை வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் 2 வந்திருந்தால் 2024/25இல் அவர் ஊரில் இருந்தது புத்தாண்டு லீவும் நத்தார் லீவும் மட்டும். ஆனால் டிசம்பர் 20இல் நுனியை வைத்தால், அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் நத்தார் லீவு 17 நாளும் ஏப்ரல் 2க்குப் பிறகு அவர் ஊரிலிருந்த எல்லா நாளும் விழுகின்றன. செப்டம்பர் 14இல் 183 ஆகியிருக்கும். நத்தார் லீவில் அவர் இங்கே இருந்தது அந்தக் காலத்துக்குள் விழுகிறது. வாசகத்தை நான் படிக்கிற விதத்தில், அப்போதும் அவர் 2024/25க்கு வதிவுள்ளவர்தான்.

தப்பியிருக்க வேண்டுமானால் ஏப்ரல் 2 வந்தது மட்டும் போதாது, நத்தாருக்கும் வராமல் இருந்திருக்க வேண்டும். அப்போது அந்த வருடத்தில் மிஞ்சுவது 2024 ஏப்ரல், மே மாத 25 நாள். அந்த நாட்களை உள்ளடக்கும் எந்தத் துண்டும் 2025 மே 3க்கு மேல் போகாது, அதற்குள் எப்படிக் கூட்டினாலும் 183க்கு வழியே இல்லை. "மார்ச் முடிய வா" என்று ஊரில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற புத்தி தவறில்லை, அரைகுறை. முந்தின ஒன்பது, பத்து மாதத்தில் எப்போது லீவில் வந்தீர்கள் என்பதையும் பார்க்காமல் அந்தப் புத்தியை நம்பக் கூடாது. நத்தார் லீவு போன்ற ஒரு சின்ன வருகை இரண்டு வருடத்தைக் கொக்கி போட்டு இணைத்துவிடும்.

சிவாவை உண்மையில் காப்பாற்றியிருக்கக்கூடியது திகதி அல்ல, வங்கி. அந்த 10,000 டொலரையும் மற்ற 16,000 போலவே வங்கி வழியாக மார்ச்சுக்குள் அனுப்பியிருந்தால், வதிவுள்ளவராக இருந்தும் வெளிநாட்டு வருமானம் முழுதும் விலக்கில் போயிருக்கும், மிஞ்சுவது வட்டி மட்டும், வரி பூச்சியம், 18,000மும் திரும்பக் கிடைத்திருக்கும். டொலருக்கு இரண்டு ரூபா கூடக் கிடைத்தது என்றாரே, 6,000 டொலருக்கு அது 12,000 ரூபா. அந்த 12,000 அவருக்கு எவ்வளவு விலைக்கு வந்தது என்று நான் அவர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. மனசு வரவில்லை.

நான் முன்னே சொன்ன மற்ற வாசலுக்கு, அதாவது "வதிகிறாரா" என்பதற்கு, சிவாவின் விஷயத்தில் பெரிய வேலை இருக்கவில்லை. கல்யாணமாகவில்லை, ஊரில் சொந்த வீடு இல்லை, ஆறு வருடமாக வாழ்ந்தது தீவில். ஆனால் அவரோடு வேலை செய்த தலவாக்கலைக்காரர் ஒருவர் இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு எல்லாம் தலவாக்கலையில், பிள்ளைகள் படிப்பது அங்கே, இவர் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் போய்வருகிறவர். அவருக்கு நாள் எண்ணி 60, 70 என்று காட்டி மட்டும் நிம்மதியாக இருக்கச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் அந்த வாசல் நாளைக் கேட்பதில்லை, வாழ்க்கை எங்கே என்று கேட்கிறது. ஒப்பந்தக் கடிதம், அங்குள்ள தங்குமிடச் சான்று, வேலை விசா, எத்தனை வருடமாக இந்த நிலை என்பதெல்லாம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். அவருக்கு நான் சொன்னது, வதிவுள்ளவர் என்று முடிவானாலும் நட்டம் வராதபடி பணத்தை ஒழுங்காக வங்கியில் அனுப்பிவிடுங்கள் என்பதுதான்.

அதிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விஷயம் இறுகிவிட்டது. 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு அந்த முழு விலக்கு போய்விட்டது. இப்போது வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்து வங்கி வழியாகக் கொண்டுவருகிற வருமானத்துக்கு அதிகபட்சம் 15 வீதம் என்ற எல்லை மட்டும் இருக்கிறது. வங்கி வழியாக வராததற்கு அந்த எல்லையும் இல்லை, அது சாதாரணப் படியில் 36 வீதம் வரை ஏறலாம். நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்திருப்பது ஒரு ஆறுதல், முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதும் ஆறுதல்தான். ஆனால் சிவா ஒரு வருடம் பிந்தி, 2026 மார்ச் 9 திரும்பி வந்து ஊரோடு தங்கியிருந்தால், வங்கியில் வந்த 48 இலட்சமும் கணக்குக்குள் வந்திருக்கும். முன்பு வதிவிட நிலையைத் தவறாக முடிவெடுத்தாலும், எல்லாப் பணமும் வங்கியில் வந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இனி அப்படியில்லை.

சிவா பணத்தைக் கட்டினார். வரி செலுத்துநர் இலக்கம் அவரிடம் இருக்கவில்லை, அதை முதலில் எடுத்தோம். மிச்ச வரியைக் கட்டும் கடைசித் திகதி செப்டம்பர் 30, விவரத்திரட்டு கொடுக்கும் கடைசித் திகதி நவம்பர் 30. 183ஆவது நாள் வந்து ஆறு கிழமைக்குள்ளேயே பணம் கட்ட வேண்டியிருந்தது, பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீதம் வட்டி. நிலையான வைப்பின் ஒரு பகுதியை உடைத்துத்தான் கட்டினார். விவரத்திரட்டோடு பயண நாள் அட்டவணை, கடவுச்சீட்டுப் பக்கங்களின் பிரதி, 48 இலட்சத்துக்கான வங்கிச் சீட்டுகள், மாலே கணக்கின் கூற்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம், கேட்டால் கொடுப்பதற்கு. வங்கிச் சீட்டுகளில் இரண்டு காணாமல் போயிருந்தது, வங்கிக்கு எழுதி எடுத்தோம், அதற்கே இரண்டு கிழமை போனது.

கோப்பை மூடும்போது சிவா தன் சித்தி மகனைப் பற்றிச் சொன்னார். இருபத்து மூன்று வயதுப் பையன், நோர்வுட்டில் பேக்கரியில் வேலை செய்தவன், முதல் தடவையாக 2025 ஜூன் 10 மாலைதீவுக்குப் போயிருக்கிறான், மாதம் 1,000 டொலர். "அவன் போயிட்டான்தானே அண்ணே, அவனுக்கு வரி வராது." ஏப்ரல் 1இலிருந்து ஜூன் 10 வரை 71 நாள், அவ்வளவுதான். ஆனால் இப்போது துண்டின் வலது நுனியை ஜூன் 10இல் வைத்துப் பாருங்கள். அது 2025/26க்குள் முடிகிற ஒரு பன்னிரண்டு மாதம், அதற்கு முந்தின நாள் எல்லாமே பையன் ஊரில்தான் இருந்தான். 365 நாளும். வரும்போது முன்பக்கம் இழுக்கிற அதே சட்டம், போகும்போது பின்பக்கத்திலிருந்து இழுக்கிறது. இனி அவன் ஒருநாள்கூட ஊருக்கு வராவிட்டாலும் 2025/26க்கு அவன் வதிவுள்ளவன்தான், அதை மாற்ற எதுவும் செய்ய முடியாது.

ஜூலையிலிருந்து மார்ச் வரை ஒன்பது மாதச் சம்பளம் 9,000 டொலர், 300 ரூபாப்படி 27 இலட்சம். 18 இலட்சம் நிவாரணம் போனால் 9 இலட்சம், 6 வீதத்தில் 54,000 ரூபா. போகுமுன் பேக்கரியில் வாங்கிய சம்பளமும் ஜூன் மாதத்து மிச்ச நாட்களும் அதோடு கொஞ்சம் சேரும். பெரிய தொகை இல்லை, அவனால் கட்ட முடியும். சிவா அங்கேயே உட்கார்ந்து அவனுக்கு அழைப்பெடுத்தார். "தம்பி, கையில கொண்டாராத. மாசாமாசம் பேங்கிலயே போடு. சீட்ட எல்லாம் போன்ல படம் புடிச்சு வை. அப்புறம் 2026 செப்டம்பருக்குள்ள ஒரு அறுபதாயிரம் ஒதுக்கி வை, ஏன்னு நான் பொறகு சொல்றேன்."